ஐந்தாவது ஒப்பீடு

எண்பதுகளின் தொடக்கத்தில், தில்லியில் ஒரு அரசு மின்னணு ஆய்வுக்கூடத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து காலையில் பஸ் பிடித்துப் போவேன்.

ஒரு உருக்காலைக்காக நான் ஒரு மின்சுற்றுப் பலகை வடிவமைத்தேன். உலையில் நான்கு வெப்பமானிகள். அவை தரும் நான்கு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, இரண்டாவது பெரிய எண்ணைக் கொண்டு எரிபொருளைக் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு வெப்பமானி கெட்டுப்போய் எக்கச்சக்கமாகக் காட்டினாலும் உலை ஏமாறாது.

எந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று முன்கூட்டியே கம்பியில் கட்டிவிடுவோம். என்ன எண் வந்தாலும் அதே ஒப்பீடுகள்தான். முதல் இடத்தை இரண்டாவதோடு, மூன்றாவதை நான்காவதோடு. பிறகு முதலை மூன்றாவதோடு, இரண்டாவதை நான்காவதோடு. கடைசியாக நடுவிலுள்ள இரண்டையும். ஒவ்வொரு முறையும் சிறியது முன்னால் போகும். மொத்தம் ஐந்து.

அண்ணன் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தால், மேஜைமேல் பலகை தயாராக இருந்தது. அதில் நான்கு ஒப்பீடுகளே இருந்தன. நான் வரைந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசி ஒப்பீடு வெள்ளை மை பூசி அழிக்கப்பட்டிருந்தது. கீழே என் கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

நேராகப் பிரிவுத் தலைவர் அறைக்குப் போனேன். அவரும் தமிழர்தான்.

"சார், அஞ்சாவதை யார் எடுத்தது?"

"நான்தாம்மா. பலகையில இடம் பத்தல. எதுக்கு வீணா ஒண்ணு? நான் டெஸ்ட் பண்ணிட்டேன். தலைகீழா குடுத்தேன், ஒன்பது, ஏழு, நாலு, ரெண்டு. அச்சாவா வரிசையா வந்துடுத்து. அதைவிட மோசமா வேற என்ன வரப்போறது?"

"தலைகீழ் வரிசை இதுக்குச் சுலபம் சார். நாலு ஒப்பீட்டுல சின்னது முதல்லயும் பெரியது கடைசியிலயும் வந்துடும். நடுவுல ரெண்டு மாறியிருக்கலாம்."

"கல்யாணச் சாப்பாடு இன்னும் ஜீரணமாகல போலிருக்கு" என்று சிரித்தார். "நாளைக்கு ஆலைக்காரங்க வராங்க. போய் ஜல்தியா ரிப்போர்ட்டை டைப் பண்ண வை."

தொழில்நுட்ப உதவியாளரை, நாற்பது வயது பஞ்சாபிக்காரரை, அழைத்துக்கொண்டு பலகை முன் உட்கார்ந்தேன். நான்கு எண்களை இருபத்துநான்கு விதமாகத்தான் மாற்றி வைக்க முடியும். எண்களை வைக்கும் சக்கரங்களை அவர் திருப்பினார், நான் எழுதினேன். "மேடம், ஃபிர் கலத்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுபடியும் தப்பு, மறுபடியும் தப்பு. இருபத்துநான்கில் பதினாறு தவறு. முதல் ஜோடியில் இரண்டு சின்ன எண்களோ இரண்டு பெரிய எண்களோ சேர்ந்து வந்தால் மட்டும் சரியாக வந்தது. தலைகீழ் வரிசை அதில் ஒன்று.

பட்டியலைத் தலைவர் மேஜையில் வைத்தேன். படிக்காமலே மடித்து டிராயரில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆலையிலிருந்து வயதான பொறியாளர் ஒருவர் வந்தார். தலைவர் ஒன்பது, ஏழு, நாலு, இரண்டு என்று வைத்துக் காட்டினார். சிவப்பு எண்கள் இரண்டு, நாலு, ஏழு, ஒன்பது என்று எரிந்தன. பொறியாளர் தலையாட்டினார். நான் பின்வரிசையிலிருந்து எழுந்தேன்.

"சார், அதே எண்களை ரெண்டு, ஒன்பது, நாலு, ஏழுன்னு வச்சுப் பாருங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தலைவர் அசையவில்லை. பொறியாளரே சக்கரங்களைத் திருப்பினார். இரண்டு, ஏழு, நாலு, ஒன்பது என்று எரிந்தது.

"ஏழு இருக்க வேண்டிய இடத்தில் நாலு!" என்றார் அவர். "உலை ஆறிவிட்டதென்று நினைத்து மேலும் எரிபொருள் விடுவோமே?"

"வயரிங்ல ஏதோ தப்பு. இந்தப் பொண்ணு லீவுல போயிட்டா" என்றார் தலைவர்.

நான் முன்னால் வந்தேன். "வயரிங் சரியா இருக்கு. வரைபடத்தை விளக்கில பிடிச்சுப் பாருங்க. அஞ்சாவதை அழிச்சது நானில்ல." பொறியாளர் தாளைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளை மைக்கு அடியில் என் கோடு தெரிந்தது. அவர் ஐந்தாவது வராமல் ஏற்க முடியாது என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு சின்னத் துணைப்பலகையில் ஐந்தாவதைக் கட்டி மேலே பொருத்தினோம். இருபத்துநான்கும் சரியாக வந்தன. இறுதி அறிக்கையில், 'பிரிவுத் தலைவரின் ஆலோசனைப்படி ஐந்தாவது ஒப்பீடு சேர்க்கப்பட்டது' என்று இருந்தது. கையெழுத்துப் போட மறுத்தேன். ஏன் மறுக்கிறேன் என்று அந்த இடத்திலேயே நான்கு வரி எழுதினேன். என்னைப் பற்றிய அந்த வருட ரகசியக் குறிப்பில் 'கீழ்ப்படியும் குணம் இல்லை' என்று எழுதினார்கள். பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது.

வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். தணியவில்லை. ஓர் உலையின் முன்னால் ஆட்கள் நிற்பார்கள் என்பதுகூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லையே.