வேர்வை நின்ற இயந்திரம்

அறுபதுகளில் அக்கா வீட்டுக்காரரான மச்சானும் நானும் தோ பாயோவில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டோம். பகல் முழுக்க அடுத்தவர் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டு சேர்த்துவிட்டு, சாயங்காலம் தேக்கா பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பொதுக் குழாயடியில் வாளியோடு நிற்போம். எல்லோரும் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மச்சான் மட்டும் அடுப்பில் தகர டின்னை வைத்துச் சுடவைப்பார். "வெந்நி இல்லாட்டி அது குளியல் இல்ல, நனையறது" என்பார். இந்த ஊர் வெயிலில் வெந்நீர் கேட்கும் ஆளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

எழுபது வயதைத் தாண்டியபின் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே ஆசை குளியல்தான். அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் வெந்நீர் ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் மட்டும் முகத்தின் கோணல் சரியானது போல் இருக்கும். குளியலறையிலிருந்த சின்ன ஹீட்டரோ நூல் மாதிரி ஒழுகும். உடம்பின் ஒரு பக்கம் சூடாவதற்குள் மறுபக்கம் குளிர்ந்துவிடும். பெர்த் நகரத்தில் இருக்கும் அவர்கள் மகன், காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் ஒன்றை வாங்கி வீட்டுக்கு அனுப்பிவைத்தான். ஆள் உயரத் தொட்டி, அதன் தலையில் காற்றாடி. பிளம்பர் லைசென்ஸ் இன்னும் கையில் இருந்ததால் பொருத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் சண்டை இடத்துக்கு. மாடிப்படிக்குக் கீழே சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடச் சொன்னாள் அக்கா.

"அக்கா, இது காத்தக் குடிக்கிற சாமான். அடைச்சு வச்சா தான் துப்புன குளிர் காத்தையே திரும்பக் குடிக்கும். தண்ணி சுடாது."

"அப்ப பின்னாடி வை. ஆனா சுவத்துல ஓட்டை கீட்டை போடாதே தம்பி."

குளிர் காற்றைப் பின்சந்துக்கு வெளியேற்ற ஒரு குழல் வைக்கத்தான் ஓட்டை கேட்டேன். சுவருக்குப் போன மாதம்தான் சாயம் அடித்ததாம். விட்டுவிட்டேன். பின்கட்டில் கண்ணாடிச் சட்டங்கள் போட்ட நீள ஜன்னல் உண்டு. அது திறந்திருந்தால் போதும் என்றுதான் பட்டது.

குழாய் வேலை ஒரே பகலில் முடிந்தது. மெயின் குழாயிலிருந்து குளிர்நீரை எடுத்து, அடைப்பு வால்வும் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வும் வைத்துத் தொட்டியின் அடியில் கொடுத்தேன். மேலிருந்து வெந்நீர் குளியலறைக்குப் போனது. சூடோ அழுத்தமோ மிஞ்சினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வுக்குத் தனிச் செம்புக் குழாய். காற்றாடிப் பகுதியில் கசியும் நீருக்கு இன்னொரு குழாய். இரண்டையும் சேர்த்துவிடும் சோம்பேறிகள் உண்டு, நான் சேர்க்கவில்லை. கசிவுக் குழாயைச் சரிவாக இறக்கி, நுனி தரைச் சாக்கடையின் சல்லடையைத் தொடாமல் சற்று மேலே நிற்கும்படி விட்டேன்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அந்த நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அக்கா பதறிப்போனாள்.

"என்னடா, இன்னைக்கே ஒழுகுது?"

"ஒழுகல. உள்ள இருக்கிற குளிர்ச்சியான கம்பி மேல காத்துல இருக்கிற ஈரம் படியுது. மிஷினுக்கு வேர்க்குதுன்னு வச்சுக்க லா."

அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். அன்று மச்சானுக்கு இரண்டு வாளி வெந்நீர் ஊற்றினோம். மூன்றாவதை அவரே வலது கையைக் காட்டிக் கேட்டார்.

கொஞ்ச காலம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் அக்கா போன் செய்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறதாம், ஒரு வாரமாக அதையே ஊற்றுகிறாளாம். ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு இப்போது சொல்கிறாளே என்று திட்டிக்கொண்டே போனேன்.

பின்கட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஜன்னல் சட்டங்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. இயந்திரத்தின் தோள் வரைக்கும் கம்பளி போர்த்தி, மேலே கித்தான் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே அது முனகிக்கொண்டிருந்தது.

"அவரு காலையில இங்கதான் உக்காருவாரு. அது ஊதுற காத்து ஐஸ் மாதிரி அவரு நெஞ்சில அடிக்குது. இருமல் வந்துருச்சு. அதான் போத்துனேன்" என்றாள். பிறகு கொஞ்சம் பெருமையாகவே, "போத்துன பிறகு வேர்வையும் நின்னுருச்சு தம்பி. அதுக்கும் நல்லாயிருச்சு போல" என்றாள்.

சாக்கடைச் சல்லடை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. இந்த ஊர் ஈரக் காற்றில் ஓடும் ஹீட் பம்ப்பில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால் அது நல்ல சேதி இல்லை. கித்தானை அறுத்தேன். கம்பிகள் வெள்ளையாக உறைபனி பிடித்துக் கிடந்தன. புதுக் காற்று கிடைக்காமல், தன் குளிரையே குடித்துக் குடித்து உறைந்திருந்தது. இந்த மாடலில் தண்ணீரைச் சுடவைக்க உதவிக்கு மின்சாரச் சுருளும் கிடையாது. காய்ச்சல்காரனுக்கு வேர்த்து நின்றால் குணம் என்று நினைக்கிறவளிடம் நான் எதற்கு வேர்வை என்று சொன்னேன்?

கத்த வாயெடுத்தேன். மச்சான் இருமினார். கனமான, அடியிலிருந்து வரும் இருமல்.

அன்றைக்கே சுவரில் ஓட்டை போட்டேன். அக்கா உதிர்ந்த காரையைக் கூட்டி அள்ளினாள். குளிர் காற்றைக் குழல் வழியாகச் சந்துக்குத் திருப்பினேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன். பனி உருகி, குழாய் நுனி மறுபடி சொட்டத் தொடங்கியது. ஆனால் தொட்டி சுடுவதற்குள் மச்சானுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். நடைக்கூடத்தில் அக்கா என் சட்டையைப் பிடித்துக் கேட்டாள்.

"காத்தாலயா, இல்ல நான் ஊத்துன தண்ணியாலயா? சொல்லு. நீ வேலை தெரிஞ்சவன்."

"ரெண்டாலயும் இல்லக்கா. படுத்த உடம்பு, நெஞ்சில சளி சேரும். டாக்டரே சொன்னாரு."

டாக்டர் சொன்னது உண்மைதான். அவள் நம்பவில்லை. நான் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன், கடைசியில் எனக்கே அது காதில் விழாமல் போயிற்று.

மச்சானைப் பெட்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மண்டாய் எரியூட்டு நிலையத்துக்குப் புறப்படும் முன் பின்கட்டில் குளிப்பாட்ட ஏற்பாடாயிற்று. சடங்கு செய்ய வந்த பண்டாரம், "பச்சத் தண்ணி போதும்மா" என்றார்.

"வெந்நிதான்" என்றாள் அக்கா. பண்டாரம் ஒதுங்கி நின்றார்.

ஒரு வாரமாக யாரும் தொடாத தொட்டி நிறைய வெந்நீர் இருந்தது. இயந்திரம் ஒழுங்காக ஓடி, ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. எதற்காகப் பொருத்தினேனோ அந்த வேலையை அது இப்போதுதான் குறையில்லாமல் செய்தது. அதை உடைக்க வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. வாளியை நிரப்பிக் கொண்டுபோனேன், ஆவி பறந்தது.

அக்கா புறங்கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பச்சத் தண்ணி கலந்துக்க தம்பி" என்றாள். "இவ்வளவு சூடு அவரு தாங்க மாட்டாரு."