வெளியே கேட்காத உறுமல்

இரண்டாயிரங்களின் பிற்பாதியில் புனேயின் ஹடப்சரில், வெளிநாட்டுக் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், தோல் பை வியாபாரம் செய்யும் ஆம்பூர்க்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். கார் அவருடைய தம்பியுடையது. தம்பி இறந்தபிறகு, மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் நின்றிருக்கிறது.

"ஸ்போர்ட் பட்டன அமுக்கினா காலுக்குப் பக்கத்துல உறுமுது தம்பி. யாரோ குந்திக்கினு இருக்கிற மாதிரி," என்றார் என்னிடம்.

"வெளிய நிக்கிற எனக்கு ஒண்ணுமே கேக்கல," என்றார் மனைவி. "மௌத்தான தம்பிதான் பேசறான்னு இவரு ரெண்டு வாரமா தூங்கல."

கணவரைக் காரின் பின்பக்கம் நிறுத்திவிட்டு உள்ளே அமர்ந்து இன்ஜினை முடுக்கினேன். சாதாரண நிலையில் மெல்லிய இரைச்சல்தான். பட்டனை அழுத்தி மறுபடி முடுக்கியதும், டேஷ்போர்டுக்குள்ளிருந்து தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் எழுந்து என் முழங்காலில் அதிர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை என்று கையசைத்தார்.

பானெட்டைத் திறந்து காட்டினேன். இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து காருக்குள் வருகிறது. நடுவே மெல்லிய சவ்வு. ஸ்போர்ட் நிலையில் அதன் வழி திறந்து, உறிஞ்சும் ஓசை உள்ளே வரும். அதே நேரம் சைலன்சரில் புகையை மறிக்கும் தகடும் திறந்து வெளியேயும் உறும வேண்டும்.

"அந்தத் தகடு திறக்கல பாய். துருவும் கரியும் பிடிச்சு மூடினபடியே இறுகியிருக்கு. வேகம் எடுக்கும்போது இழுவை குறையுதா?"

"ஆமா."

இன்ஜினை அணைத்து, காரை உயர்த்தினோம். இன்ஜின் ஓடும்போது வெற்றிடக் குழல் இழுத்தால்தான் அந்தத் தகடு மூடும். இழுப்பு நின்றால் ஸ்பிரிங் திறந்துவிடும். இன்ஜின் ஓடாதபோது திறந்தே இருந்திருக்க வேண்டும். துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிட்டுக் காத்திருந்தோம். யாரும் தொடவில்லை. திடீரென நீண்ட முனகலோடு தகடு தானாகத் திறந்து 'டங்' என்று நின்றது. கறுப்புத் தண்ணீர் சொட்டியது. கணவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். காரணம் தெரிந்த நானும் ஓரடி பின்வாங்கியிருந்தேன்.

"அந்த உள்குழாய அடைச்சிடலாமா?" என்றார்.

"மூடி போட்டு அடைக்கலாம். இல்ல, பட்டன அமுக்காம ஓட்டலாம். ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்ணும்போதும் சாதாரண நிலையிலதான் வரும்."

மனைவி குறுக்கிட்டார். "அடைக்க வேணாம். அவன் இந்த சத்தத்துக்காகத்தான் வாங்கினான். நாம கேட்டா வரட்டும்."

கார் அமைதியாக வெளியேறியது. சாலையில் திரும்பியதும் அதன் பின்பக்கத்திலிருந்து பெரும் உறுமல் ஒன்று கிளம்பி, பட்டறையின் தகரக் கூரை நடுங்கியது. அடுத்த நொடி அடங்கிவிட்டது. பட்டனை அழுத்தியது யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் திரும்ப வரவில்லை.