பன்னிரண்டு பைகளும் மாதிரிப் பொட்டலங்களும்

போடியில் நான் வரி ஆலோசகனாக இருந்த காலத்தில், ஏலக்காய் வியாபாரிகளுக்கு ஆண்டுக்கொரு முறை தவறாமல் காய்ச்சல் வரும். கொசுவால் அல்ல, வருமான வரிப் படிவத்தால். ஜூலை முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜூலை பிறந்த பிறகுதான் பில்லைத் தேடவும் ஆரம்பிப்பார்கள். ஒருவர் லாரி ரசீதைக் குடை மடிப்புக்குள் வைத்திருப்பார். குரங்கணியிலிருந்து இறங்கி வந்த இன்னொருவர் ஒரு சாக்கு நிறையக் காகிதத்தை அப்படியே என் மேசையில் கவிழ்த்தார். அதில் ரசீதைவிடக் காபிக்கொட்டை அதிகம்.

என் பேச்சைக் கேட்டு நடந்தவர் ஒரே ஒருவர்தான், சந்தைக்கு அடுத்த தெருவில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த பாய். அவருக்கு வேறு வழியில்லை. முந்தைய ஆண்டுக் கணக்கில் பாதிச் செலவுக்கு ரசீது இல்லையென்று மதுரை வருமான வரி அதிகாரி அந்தச் செலவை ஏற்காமல் தள்ளிவிட்டார். இனிமேல் கொள்முதல் பில்லும் முழுதாக இல்லாவிட்டால், கணக்குப் புத்தகத்தையே ஒதுக்கிவிட்டு லாபத்தை உத்தேசமாகப் போடுவேன் என்றும் சொல்லி அனுப்பினார். அதிகாரிகளின் உத்தேசம் எப்போதும் தாராளமானது. வராத லாபத்துக்கு வரி கட்டினால், அடுத்த பருவத்தில் சரக்குப் பிடிக்கப் பாயின் கையில் முதல் இருக்காது.

நான் சொன்ன முறை மிக எளிது. காகிதம் கைக்கு வந்த அன்றே அதன் தலையில் வரிசை எண் போட வேண்டும். அதே எண்ணோடு நாள்வழியில் பதிய வேண்டும். பிறகு அந்த மாதத்துப் பையில் போட்டுவிட வேண்டும். மாதம் முடிந்ததும் பையிலிருப்பதைக் கூட்டிப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்து நூல் போட்டுக் கட்டினால், ஜூலையில் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

பாய் இதில் புதுமாப்பிள்ளை மாதிரி இறங்கினார். பன்னிரண்டு துணிப்பை தைத்தார், மாதத்துக்கு ஒரு நிறத்தில். கடைச் சுவரில் அவை வரிசையாகத் தொங்கியதைப் பார்த்து, சிலமலையிலிருந்து வந்த விவசாயி ஒருவர் ரெடிமேட் கடை என்று நினைத்து விலை கேட்டார். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் நான் போய் ஒத்துப் பார்த்தேன். பைசா பிசகவில்லை. அப்புறம் பருவம் தொடங்கியது. மலையிலிருந்து ஜீப் ஜீப்பாகச் சரக்கு இறங்கியது. மாதக் கடைசியில் ஒத்துப் பார்க்கப் பாய்க்கு நேரமில்லை. எண் போட்டுப் பையில் போடுவதை மட்டும் விடாமல் செய்தார்.

மார்ச்சோடு கணக்கு முடிந்தது. மே மாதத்தில் நான் பைகளை இறக்கினேன். ஆகஸ்ட் பை கனமே இல்லை. நாள்வழியில் எண் இருந்தது, தொகை இருந்தது, ஆள் பெயர் இருந்தது. காகிதம்தான் இல்லை. செப்டம்பரும் அப்படியே. ஜனவரி வரை எல்லாப் பையும் பட்டினி. எண் போட்டிருந்ததால் எவையெவை இல்லையென்று உடனே ஒரு பட்டியல் எழுதிவிட முடிந்தது. என்ன தொலைந்தது என்று துல்லியமாகத் தெரிவதும் ஒருவகை முன்னேற்றம்தான். பாய் அதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடையில் அவருக்கு ஒத்தாசையாக இருந்த மைத்துனர்தான் கதவோரம் நின்றபடி கேட்டார்: “மச்சான், அந்தத் தடிக் காகிதமா? மாதிரி கட்ட அதுதானே தோதா இருந்துச்சு.”

ஏலக்காய் வாங்க வருகிறவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துப் பேரம் பேச மாட்டார். ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒன்றாக வாங்கிய ஒவ்வொரு தொகுதியிலும், ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். பருமனையும் பச்சையையும் அதில் பார்த்துத்தான் விலை. விலை படிந்ததும் லாட்டு எண்ணையும் எடையையும் விலையையும் பொட்டலத்தின் வெளிப்பக்கம் எழுதிக் கடைக்காரர் கையெழுத்துப் போடுவார். பின்னால் சரக்கு வேறு மாதிரி இருக்கிறது என்று தகராறு வந்தால் அதுதான் சாட்சி. பருவ நெருக்கடியில் பொட்டலக் காகிதம் தீர்ந்ததும் மைத்துனர் கைக்கு எட்டியவை பைகள். மாதிரி மாறிப்போகக் கூடாதென்று எந்த லாட்டோ அந்த லாட்டை வாங்கிய பில்லையே உருவினாராம். பில்லை உட்பக்கமாக மடித்தால் வெளிப்பக்கம் வெள்ளையாக, எழுத வசதியாக இருந்ததாம். அவர் கட்டினார், பாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதினார்.

பாய்க்குக் கோபம் வருவதற்குள் வேறொன்று உறைத்தது. அந்தப் பருவம் முழுக்க அவர் என்னிடம் ஒரே புலம்பல் புலம்பியிருந்தார். எந்த விலை சொன்னாலும், வாங்குகிறவர்கள் அவருடைய அடக்க விலைக்கு ஒரு ரூபாய் மேலே வந்து நின்றுகொண்டு நகர மறுக்கிறார்கள் என்று. பக்கத்துத் தேவாரம் ஊரில் யாரோ செய்வினை வைத்ததாகக்கூடச் சந்தேகப்பட்டார்.

பட்டியலோடு கிளம்பினோம். முதலில் போனது வடக்கத்தி வியாபாரிகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் ஏஜண்டிடம். போடியில் மாதிரியை யாரும் தூக்கிப் போடுவதில்லை, கணக்குத் தீரும் வரை தகர டின்னில் கிடக்கும். அவர் டின்னைத் திறந்து, பொட்டலங்களை மேசையில் பரப்பினார்.

“ஏண்டா, இம்புட்டு நாளும் இதைப் பாத்துட்டுத்தான் பேரம் பேசுனியா?” என்றார் பாய்.

“நான் என்ன திருடியா பாத்தேன் பாயி? மாதிரின்னு குடுத்தீக. பிரிச்சா உள்ள நீங்க வாங்குன விலை இருக்கு. இவ்வளவு நேர்மையான யாவாரி ஊர்லயே இல்லைன்னு பெருமையால்ல சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

பாய்க்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. மைத்துனர் சிரிக்கலாமா கூடாதா என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று கடை கடையாக ஏறி இறங்கினோம். போன இடமெல்லாம் டீ, போன இடமெல்லாம் கேலி. ஒரு கடையில் பொட்டலத்துக்குப் பதில் பொட்டலம் கேட்டார்கள். மைத்துனர் ஓடிப்போய் வெள்ளைத்தாள் வாங்கி வந்து மாற்றிக் கட்டினார், பாய் மறுபடி கையெழுத்துப் போட்டார். ஓரிரு காகிதம் தவிர எல்லாம் கிடைத்தது. கிடைக்காததற்கு, பாய்க்கு ஏலத்தில் சரக்கு விற்ற கம்பெனியிடம் நகல் கேட்டு வாங்கினேன். ஜூலைக்கு முன்பே படிவம் தாக்கலானது. போடியில் அதுவே ஒரு அதிசயம்.

மறு ஆண்டு விசாரணைக்கு அழைப்பு வந்தது. பாயும் நானும் ரயிலேறி மதுரைக்குப் போனோம். கட்டைப் பிரித்ததும் அதிகாரி அறை முழுக்க ஏலக்காய் மணத்தது. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துப் பாயசமா என்று கேட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. கசங்கிய பில் ஒன்றை எடுத்து நாள்வழியோடு ஒத்துப் பார்த்தார். திருப்பினார். நெற்றியைச் சுருக்கினார்.

“பின்னால என்னய்யா எழுதியிருக்கு?”

லாட்டு எண், எடை, விற்ற விலை என்று நான் சொன்னேன். அவர் விற்பனைப் புத்தகத்தைக் கேட்டார். ஒத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் சரி. முன்பக்கம் வாங்கியது, பின்பக்கம் விற்றது, நடுவில் லாபம் எவ்வளவு ஒல்லி என்பது ஒரே தாளில். எத்தனையோ கணக்குப் பார்த்திருக்கிறேன், தன் லாபத்தை இப்படிப் பகிரங்கமாகக் காட்டிய வியாபாரியைப் பார்த்ததில்லை என்றார். உத்தேசம் போடும் பேச்சே எழவில்லை. காட்டிய வருமானத்தை அப்படியே ஏற்று உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த அன்று பாய் கடையில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். எனக்கு இரண்டு பங்கு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சாரு, வரிக்காரருக்கு இது புடிச்சிருக்கு. பேசாம வருசா வருசம் பில்லுலயே மாதிரி கட்டிருவமா?”

வருமான வரிச் சட்டத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.