முப்பத்தாறு வேலை நாள்

மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு சிற்பப் பட்டறையில் மெருகு போடும் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி என் டிரைவிங் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவன் திரும்பி வருவதில்லை என்பது அவர் அனுபவம். ஏற்றுமதிக்கு ஒன்பது நந்தி கேட்டிருந்தார்கள். அது முடிகிறவரை ஆள் நகரக் கூடாது. 'முப்பத்தாறு வேலை நாள்' என்று ஒரு தாளில் எழுதி, கீழே தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்டு, கையெழுத்து வாங்கினார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். தாளைப் படித்தேன், கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஏழு பேர் படுத்திருந்தோம். காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் கருங்கல்லைத் தேய்க்க வேண்டும். விரல் நுனியில் ரேகை போய்விடும். கடலிலிருந்து வரும் காற்றுகூட கல்தூசியைத் தாண்டித்தான் மூக்குக்கு வந்தது. இதைவிட மோசமான இடங்களில் இருந்திருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். இங்கே என் படம் ஒட்டிய அந்த அட்டை இன்னொருவர் மேசைக்குள் இருந்தது. கேட் திறந்துதான் இருந்தது. அதன் வழியாகப் போக முடியாது, அவ்வளவுதான்.

ஏழாவது வாரம் அச்சரப்பாக்கத்து லாரிக்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. செங்கல்பட்டிலிருந்து சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்புகிறது, நாசிக் வரை, இரண்டாவது டிரைவர் வேண்டும், லைசென்ஸ் கையில் இருந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆள் இருக்கிறான் என்றார். ஓட்டுகிற வேலை கிடைக்காமல்தான் நான் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தாளில் முடிவுத் தேதி அடுத்த திங்கட்கிழமை. லாரி கிளம்பி இரண்டு நாள் கழித்து.

அன்று இரவு கொட்டகையில் படுத்துக்கொண்டு வேலை செய்த நாட்களை வாரம் வாரமாக எண்ணினேன். முதல் வாரம் ஆறு. பொங்கல் வாரம் மூன்று. அடுத்தது ஆறு, குடியரசு தின வாரம் ஐந்து, பிறகு ஆறு, ஆறு. இந்த வாரம் மாசி அமாவாசை போக, வெள்ளி வரைக்கும் நாலு. கூட்டினால் முப்பத்தாறு. வெள்ளிக்கிழமை மாலை முடிந்துவிடுகிறது. மூன்று முறை எண்ணினேன். தாள் மட்டும் திங்கள் என்றது.

வியாழக்கிழமை மதியம் ஆபீஸுக்குப் போனேன். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு லேப்டாப், கணக்கு பார்க்கும் அக்கா. மதுராந்தகத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர். சுவரில் அந்த வருடத்தின் லீவு பட்டியல் ஒட்டியிருந்தது. அரசாங்கப் பட்டியல் அல்ல, பட்டறையின் சொந்தப் பட்டியல். பொங்கலுக்கு மூன்று நாள், குடியரசு தினம், தைப்பூசம், அப்புறம் மாதா மாதம் அமாவாசை. அமாவாசை அன்று இங்கே யாரும் உளியைத் தொடமாட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் பழைய நோட்டை எடுத்து வெள்ளிக்கிழமை வரைக்கும் கணக்குப் போட்டுக் காட்டினார். மொத்தம் நாற்பத்தேழு நாள். அதில் ஞாயிறு ஆறு. பட்டியல்படி லீவு ஏழு. கழித்தால் முப்பத்துநாலு.

"இன்னும் ரெண்டு நாள் பாக்கி கீதுப்பா. சனி, திங்கள். கரெக்டாதான் போட்டுகீறேன்."

அவர் எழுதியதில் ஒவ்வொரு எண்ணும் சரியாகவே இருந்தது. லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள் என்று மட்டும் கேட்டேன். அதில் இரண்டு தேதியைக் கொடுத்து லீவு பட்டியலையும் கொடுத்தால் வேலை நாளை அதுவே எண்ணிச் சொல்லும் என்று அவர்தான் ஒருமுறை சொல்லியிருந்தார். ஏழு தேதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்து, சூத்திரத்தைப் போட்டார். முப்பத்தொன்று என்று வந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சனிக்கிழமையும் லீவுன்னு நினைச்சுகினு கீது" என்று சொல்லி, வாரத்தில் ஞாயிறு மட்டும் லீவு என்று மாற்றினார். முப்பத்தாறு வந்தது.

நோட்டு முப்பத்துநாலு, மெஷின் முப்பத்தாறு. அவர் காலண்டரை இழுத்து, பட்டியலில் உள்ள தேதிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். தை அமாவாசையில் விரல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை. தைப்பூசமும் ஞாயிறு. அந்த இரண்டு நாளையும் ஞாயிறு என்று ஒருமுறை, பட்டியல் லீவு என்று இன்னொருமுறை கழித்திருந்தார். ஒரே நாளை இரண்டு தடவை கழித்த கணக்கில் நான் இரண்டு நாள் அதிகம் மாட்டியிருந்தேன்.

"ஏழு பேரு தாள்லயும் இப்டிதான் போட்டுகீறேன்" என்றார் மெதுவாக.

முதலாளி சாப்பாடு முடிந்து வந்தார். அக்காவே சொன்னார். முதலாளி திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை கன்டெய்னர் வருகிறது, இரண்டு நந்திக்கு இன்னும் முகம் மின்னவில்லை என்றார். பிறகு, சேர்ந்த நாள் கணக்கில் சேராது என்றார். அன்றைக்கு நான் பத்து மணிக்குத்தான் வந்தேன், மறுநாளிலிருந்துதான் எண்ண வேண்டும், அப்படியானால் வெள்ளியோடு முப்பத்தைந்து, சனிக்கிழமை மாலைதான் முப்பத்தாறு.

சனிக்கிழமை மாலை என்றால் லாரி மாநில எல்லை தாண்டி எங்கேயோ போயிருக்கும். நான் பத்து மணிக்கு வந்தது உண்மை. பொய் சொல்ல வாய் வரவில்லை. லைசென்ஸ் இருந்த மேசை டிராயருக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது.

அக்கா சம்பள நோட்டைத் திறந்து முதல் வாரத்துப் பக்கத்தை முதலாளி பக்கம் திருப்பினார். "மொத வாரம் ஆறு நாள்னு நீங்கதான் கையெழுத்து போட்டுகீறீங்க. தாள்லயும் தொடக்கத் தேதி அந்தத் திங்கள்தான்."

அவர் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். தப்பைப் பிடித்த என்மேல் அல்ல, அக்காவின்மேல்தான் கோபம் என்று தெரிந்தது.

"படிச்சவங்கள வேலைக்கு வச்சா இதான் பேஜாரு" என்றார். "நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வா. அதுவரைக்கும் தேய்க்கணும். மத்தவனுங்ககிட்ட வாயத் தொறக்காத."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு லைசென்ஸ் கைக்கு வந்தது. ஓரத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் உரிந்திருந்தது. சட்டைப் பையில் வைத்தேன், மறுபடி எடுத்துப் பார்த்தேன், மறுபடி வைத்தேன்.

பையை எடுக்கக் கொட்டகைக்குப் போனபோது என்னோடு ஒரே நாளில் சேர்ந்த கருங்குழிக்காரன் கை கழுவிக்கொண்டிருந்தான். அவனுடைய ரேஷன் கார்டு அந்த டிராயரில் இருந்தது. முதலாளிக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

"மச்சான், உன்னுதும் இன்னைக்கே முடிஞ்சிச்சு. தாள்ல தப்பா போட்டுகீறாங்க. போய்க் கேளு" என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் விளக்கினேன்.

அவன் முழுவதும் கேட்டான். புரிந்தது என்று தலையாட்டினான். ஈரக் கையை லுங்கியில் துடைத்தான்.

"முடிஞ்சிச்சுன்னா எங்க போறது?" என்றான். "திங்கக்கிழமன்னா திங்கக்கிழம. அதுவரைக்கும் சோறு கீதுல்ல."

நான் பையை மாட்டிக்கொண்டேன். இருட்டுவதற்குள் செங்கல்பட்டு பஸ் கிடைத்தது.