மழையில் வந்த முப்பத்தொரு பேர்

இலங்கைத் தேயிலை மலையிலுள்ள அட்டனில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்த கடையில், டிரான்சிஸ்டர் வானொலியை விற்கத் தொடங்குமுன், “மின்சாரமின்றிப் பாடும் பெட்டி தீபாவளிக்கு வருகிறது; விரும்புவோர் பெயர் பதிக” என்று முதலாளி பலகை வைத்தார். தோட்டத்துச் சம்பளம் கிடைத்த ஞாயிறன்றே தொண்ணூறு பெயர்கள் சேர்ந்தன.

“தொண்ணூறையும் எடுத்துருவோமுங்க,” என்றேன்.

“பொறுய்யா. லயத்துல ஒருத்தன் எழுதுனா வரிசை வீடு மொத்தமும் எழுதும். விக்காத பெட்டிய கொழும்புக்காரன் திருப்பி எடுக்க மாட்டான், கடையே முங்கிரும். அடுத்த ஞாயிறு வந்து நம்பர் சீட்டு வாங்கிக்கச் சொல்லு. காசு வேணாம்; மெனக்கெட்டு வர்றவன்தான் வாங்குவான்.”

அந்த ஞாயிறு அடைமழை. வந்தவர்கள் முப்பத்தொரு பேர். தலையில் சாக்கைப் போர்த்தியிருந்த ஓர் அம்மாள் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, “பெட்டி வரலேன்னா ஒங்களத்தான் பாடச் சொல்லுவேன், மொதலாளி!” என்றார்.

“நான் பாடுனா சீட்ட வீசிட்டு ஓடிருவீங்க, ஆத்தா!”

முதலாளி முப்பத்தொன்று மட்டுமே வரவழைத்தார். இருபத்தொன்பது பேர் சீட்டைக் கொடுத்துப் பெட்டி வாங்கிப்போனார்கள். மிஞ்சிய இரண்டு பெட்டிகளும் தீபாவளிக்கு முன்தினம் விற்றுப்போயின. தொண்ணூறு வாங்கச் சொன்ன என்னை அவர் ஒரு சொல்லாலும் குத்திக்காட்டவில்லை. அதற்காகவும் அவரை நான் வியக்கிறேன்.