விதுரா கடையில் என் விளம்பரம்

தனியார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நான் வலியசாலையில் இட்லி மாவு அரைக்கத் தொடங்கிய வருடம், ஒரு நாளாவது நிம்மதியாக உட்கார்ந்த ஞாபகம் இல்லை. மாலையில் கடைகளிலிருந்து விற்காமல் திரும்பி வரும் பாக்கெட்டுகள் புளித்து உப்பிப்போயிருக்கும். அத்தனையையும் எண்ணிக் கணக்கில் கழித்துவிட்டுக் கொட்டுவேன். ஓணத்துக்குள் விற்பனை நிலைபெறாவிட்டால் கிரைண்டரை விற்றுவிட்டுப் பழைய வேலைக்கே போய்க் கெஞ்சுவதென்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

என் கணவர் தம்பானூரில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் வேலை பார்க்கிறார். வீட்டிலும் அவருக்கு ஏஜென்சி பேச்சுதான். முதலில் கவனத்தை இழுக்கணும், பிறகு ஆர்வம், பிறகு ஆசை, கடைசியில் வாங்கும் செயல் என்று நாலு படியையும் விரல்விட்டுச் சொல்வார். எஃப்.எம். ரேடியோதான் சரியான மீடியம், காலை ஏழு மணிக்கு எல்லாச் சமையலறையிலும் அதுதான் பாடுகிறது என்று அடித்துப் பேசினார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

மலையாளத்தில் ஒரு விளம்பரப் பாட்டு, தினமும் காலையில் ரேடியோவில் வந்தது. சின்னக் குழந்தைகூட ஒரு தடவை கேட்டால் பாடிவிடும். பால்காரர் பாடினார், எதிர்வீட்டு மாமி பூஜைக்கு நடுவில் முணுமுணுத்தாள். கணவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைந்தார். ஆனால் பாக்கெட்டுகள் மட்டும் முன்போலவே திரும்பி வந்தன. பாட்டு ஊரெல்லாம் ஓடும்போது மாவு ஏன் ஓடவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. ராத்திரி படுத்தாலும் கால் சும்மா இருக்காது. "பொறுமையா இரு, மனசுல பதியறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்" என்பார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு கல்யாணத்துக்காக நெடுமங்காடு வழியாக, ஜில்லாவின் கோடியில் இருக்கும் விதுரா போனோம். கடைத்தெருவில் தண்ணீர் வாங்க ஒரு கடையில் நின்றோம். ஃபிரிட்ஜில் மாவுப் பாக்கெட்டுகள் தெரிந்தன. எங்கள் மாவின் பெயரைச் சொல்லி, இருக்கிறதா என்று சும்மா கேட்டேன். கடைக்காரர் முகம் மலர்ந்து எங்கள் பாட்டின் இரண்டு வரியைப் பாடியே காட்டினார். என் கணவர் என் முதுகைத் தட்டினார். அதற்குள் கடைக்காரர் வேறொரு கம்பெனியின் பாக்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அது இவிடெ வராறில்ல சேச்சி. ரேடியோ கேட்டுட்டு தெவசமும் ஆளுகள் வந்நு சோதிக்கும். ஞான் இது கொடுக்கும். மாவெல்லாம் ஒண்ணு தன்னே."

எங்கள் மாவு அங்கே வருவதே இல்லையாம்; அதைக் கேட்டுத் தினமும் வருகிறவர்களுக்கு இந்தப் பாக்கெட்டைக் கொடுத்துவிடுகிறாராம். கவனம் எங்களுடையது, ஆர்வமும் ஆசையும் எங்களுடையது, வாங்கும் செயல் மட்டும் அந்தக் கம்பெனிக்கு. என் காசில் நானே அவர்களுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தேன். ரேடியோ ஜில்லா முழுக்கக் கேட்கிறது. கடைகளுக்கு மாவு கொண்டுபோகும் என் ஆட்டோ பக்கத்துக் கரமனையைத் தாண்டிப் போவதில்லை, மாவும் அதற்கு மேல் தாங்காது. பக்கத்தில் கேட்கிறவர்களுக்கும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணம் முடிந்து திரும்பும்போது வண்டியில் அவர் காலரை இறக்கிவிட்டுக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகவும், நிறைய திருப்தியாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சொன்னேன்.

"ரேடியோவ நிறுத்துங்கோ. நம்ம ஆட்டோ போற தெருல இருக்கறவாளுக்குத் தெரிஞ்சா போறும்."

அவர் முகம் சுண்டியது. ஆனாலும் மறுநாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொழில் தெரிந்த மனிதர், இல்லையென்று சொல்ல முடியாது. ஆட்டோ நிற்கும் கடைகளின் ஃபிரிட்ஜ் கதவில் 'இன்று காலை அரைத்தது' என்று ஒரு ஸ்டிக்கர். சுற்றுவட்டார ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு படம், அடியில் ஒரே வரி: மாலை ஆறுக்குள் சொன்னால் காலையில் வாசலில். எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று தெரிவதற்காகக் குழுவுக்கு ஒரு போன் நம்பர், ஸ்டிக்கருக்கு வேறு நம்பர்.

முதல் சில நாட்கள் இரண்டு போனையும் இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். ஸ்டிக்கர் போன் எப்போதாவது சிணுங்கியது. குழு போன் மெல்ல மெல்ல ஓயாமல் அடிக்கத் தொடங்கியது.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், ஆறு மணி ஆகும் முன்பே கிரைண்டர் தாங்குகிற அளவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. 'நாளைக்கு மாவு தீர்ந்துவிட்டது' என்று குழுவில் டைப் செய்து அனுப்பினேன். அழுதுவிட்டேன். அவர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"இனிமே விளம்பரமே வேண்டாம்னு சொல்லிடுவியோ?"

"வேணும். நம்ம மாவு போற எடத்துக்கு மட்டும்."