மூன்று சைஸில் ஓர் உடம்பு

ஆன்லைன் துணிக்கடையின் புகார்ப் பிரிவில் அக்காவுக்கு அது ஒன்பதாவது வருடம். "தொளதொளன்னு இருக்கு", "பட்டனே போட முடியல" என்று திருப்பி அனுப்புகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நாக்கில் கொப்புளம் வந்தவள். கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு அளக்கிற ஜனங்கள் மீது அவளுக்கு வந்த கோபத்தை எழுதினால் அதற்கே ஒரு புத்தகம் வேண்டும். ஆபீஸில் அவளுக்கு 'டேப்' என்று பட்டப்பெயர்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் தம்பி விஷயத்தில் கண் அவிந்துபோனது. விதி என்று சொல்லித் தப்பிக்கக் கதை சொல்கிற எனக்கு மனசு வரவில்லை.

தம்பி கார் ஷோரூமில் விற்பனையாளன். பெண்டாட்டி பிரிந்து போனபின் அக்காவோடுதான் இருந்தான். மடிப்புக் கலையாத சட்டை இல்லாவிட்டால் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவனுக்கு உடுப்பு வாங்குவது அவள் பொறுப்பு. வருஷக்கணக்காக மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்து நாலு. அளவுப் பட்டியலில் 'எல்' என்ற வரியில் அச்சடித்தாற்போல உட்கார்ந்த உடம்பு.

தை மாதம் புது பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. நிற்க வைத்து அளந்தாள். முப்பத்தொன்பது.

"தொப்பைடா. சாப்பிட்டுட்டு அப்படியே சாயுற."

"எங்கக்கா சாப்பிடுறேன்? பாதித் தட்டுலயே வயிறு நிறைஞ்சிடுது."

அந்தப் பதில் அவளுக்கு என்னவோ போலிருந்தது. அக்குளுக்குக் கீழே டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி மார்பை அளந்தாள். முப்பத்தெட்டு. தொப்பை போட்டவனுக்கு மார்பு எப்படி இறங்கும்? டேப் நைந்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மறுபடி அளந்தாள். அதே முப்பத்தெட்டுதான் வந்தது.

இங்கேதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம் குடியைக் கெடுத்தது. இரண்டு சைஸுக்கு நடுவில் உடம்பு மாட்டிக்கொண்டால் பெரிய அளவுக்கு வாங்கு, மிச்சத்தைப் பிடித்துத் தை என்று தினம் நூறு பேருக்குச் சொல்கிறவள் அல்லவா? அதையே தம்பிக்கும் செய்தாள். இடுப்புக்கு ஏற்ற பேண்ட் வாங்கித் தொடையில் தொங்கிய துணியை டெய்லரிடம் கொடுத்துக் குறைத்தாள். பட்டியலில் இருப்பது உடம்பின் அளவா, தைத்த துணியின் அளவா என்று பார்த்து, துணியின் அளவாக இருந்தால் நாலு அங்குலம் தாராளம் விட்டு, சட்டை வாங்கினாள்.

சித்திரையில் இடுப்பு நாற்பத்தொன்று. ஆனியில் நாற்பத்து மூன்று, மார்பு முப்பத்தேழு. மார்பு 'எம்', இடுப்பு 'டபுள் எக்ஸெல்', கை 'எஸ்'. எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் அவனுக்கு ஒரு வரி இல்லாமல் போனது. கம்பெனிகளைத் திட்டினாள். சாக்ஸ் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்து, நெடுநேரம் நிரம்பாமல் கிடந்தது. எலாஸ்டிக் இறுக்கம் என்று சாக்ஸையும் மாற்றினாள். வாயைத் திறந்து கேட்டால் எதுவோ உண்மையாகிவிடும் என்று பயந்தாள், பாவி.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வரலாமாடா?"

"எதுக்குக்கா? போன வாரம்கூட மேனேஜர், யாருப்பா உன் டெய்லர்னு கேட்டாரு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்த மாதமே கண்ணில் மஞ்சள் ஏறி ஷோரூமில் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனைப் படுக்க வைத்து, தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றினாள். மறுநாளும் அதே இடத்தில் அளப்பதற்காக வயிற்றின் இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்தாள். அவன் மூச்சை விடும் வரை காத்திருந்து எண்ணைப் படித்தாள். நாற்பத்து நாலரை. பழுதே சொல்ல முடியாத அளவு என்று அக்காவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். கையும் மார்பும் கரைந்ததும் அதனால்தானாம்.

"வயிறு பெருக்க ஆரம்பிச்சு எத்தனை நாள் ஆகுது?"

"தை மாசம் முப்பத்தொன்பது, சித்திரையில நாப்பத்தொண்ணு" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அப்பவே வந்திருந்தா மருந்துலயே நிறைய பண்ணியிருக்கலாம்மா. இப்ப எவ்வளவு கைகொடுக்கும்னு தெரியல. இத்தனை மாசமா பார்க்கிறவங்க ஒருத்தர்கூடக் கவனிக்கலையா?"

தம்பி கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினான். அக்காவை யாரும் குறை சொல்லிவிடக்கூடாது என்ற அவசரம் அவன் முகத்தில் தெரிந்தது.

"வெளியில தெரியவே தெரியாது சார். எங்கக்கா எடுத்தா எல்லாம் அவ்வளவு கச்சிதமா இருக்கும்."